துன் சம்பந்தன் சாலை சைவ மெஸ்: வாட்சப் செய்திப் பட்டியலுக்கான வாசகங்கள்

கவுண்டரில் நிற்பவர்களும் கடை போனைக் கையாள்பவர்களும் கீழே உள்ள வாசகங்களை அப்படியே பயன்படுத்தவும். சொந்தமாக ஒரு வரி சேர்க்கத் தோன்றினால் முதலாளியிடம் கேட்டுவிட்டுச் சேர்க்கவும். வாடிக்கையாளர் எரிச்சலடைவது பெரும்பாலும் அப்படிச் சேர்த்த வரிகளால்தான்.

நம்மிடம் மூன்று பட்டியல்கள் உண்டு. ‘மெனு’ திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.30க்குப் போகும், நாளுக்கு ஒன்று மட்டும். ‘வாரம்’ திங்கள் காலை மட்டும். ‘பண்டிகை’ வருடத்துக்கு அதிகபட்சம் ஆறு: பொங்கல், சித்திரை, புரட்டாசி, நவராத்திரிக்கு ஒவ்வொன்று, தீபாவளிப் பலகாரத்துக்கு ஆர்டர் திறக்கும்போதும் முடியும்போதும் ஒவ்வொன்று. சொன்ன கணக்கைத் தாண்டக் கூடாது. ஏழாவதாக ஒன்று அனுப்பத் தோன்றினால் அடுத்த வருடம் கணக்கை மாற்றி முன்கூட்டியே சொல்லலாம்.

கவுண்டரில் வாயால் கேட்பது

> “அக்கா, மத்தியான மெனுவ காலைல வாட்சப்ல அனுப்புறோம். ஒரு நாளைக்கு ஒண்ணுதான், சனி ஞாயிறு வராது. வேணும்னா இந்தத் தாள்ல எழுதுங்க. வேணாம்னா பரவால்ல, மெனு பலகைல எப்பவும் இருக்கும்.”

கடைசி வாக்கியத்தை விடக் கூடாது. அது இல்லாமல் கேட்டால், பின்னால் வரிசை நிற்கிறதே என்ற கூச்சத்தில் பலர் எண்ணைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் பிளாக் செய்வார்கள். ஆணாக இருந்தால் “அண்ணே”, பெரியவராக இருந்தால் “ஐயா”, “அம்மா”. வாட்சப் செய்தியில் மட்டும் உறவு சொல்லி அழைக்க வேண்டாம். எண்ணுக்குப் பின்னால் இருப்பவர் யார், என்ன வயது என்பது நமக்குத் தெரியாது.

கவுண்டர் தாள்

> எங்களிடமிருந்து வாட்சப் செய்தி பெற விருப்பமா? வேண்டியதை மட்டும் டிக் செய்யுங்கள்.
>
> ☐ மெனு: திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு ஒரு செய்தி, காலை 9.30
> ☐ வாரம்: திங்கள் மட்டும், ஒரு செய்தி
> ☐ பண்டிகை ஆர்டர்: வருடத்துக்கு ஆறு செய்திக்கு மேல் வராது
>
> இந்த எண் என்னுடையது. இதை மேலே டிக் செய்த செய்திகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம். வேறு யாருக்கும் கொடுக்க மாட்டீர்கள் என்று அறிந்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் 0 அனுப்பி நிறுத்திக்கொள்வேன்.

எந்தப் பெட்டியையும் முன்கூட்டியே டிக் செய்து அச்சடிக்கக் கூடாது. தாளின் பின்பக்கம் இதே அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 7, இரண்டு மொழியிலும் எழுத்துமூல அறிவிப்பு கேட்கிறது. தமிழ் நாமாகச் சேர்த்தது. அது மட்டும் போதாது.

கேட்டரிங் ஆர்டருக்குக் கொடுத்த எண், டுயிட்நவ் ரசீது அனுப்பிய எண், அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டில் எழுதிய எண் எதுவும் இந்தத் தாளுக்குச் சமமாகாது.

முதல் செய்தி

தாளில் எழுதியவருக்கு அன்றே தனியாக அனுப்பவும். அம்மாவுக்காக மகள் எழுதியிருக்கலாம், ஒரு இலக்கம் மாறியிருக்கலாம். அதனால் எண்ணுக்கு உரியவரே ஒப்புக்கொண்ட பிறகுதான் பட்டியலில் சேர்ப்பது.

> வணக்கம். இது துன் சம்பந்தன் சாலை சைவ மெஸ். இன்று எங்கள் கவுண்டர் தாளில் இந்த எண்ணை எழுதி, தினசரி மெனு கேட்டிருந்தார்கள்.
>
> அனுப்பலாம் என்றால் மெனு அல்லது MENU என்று பதில் அனுப்பி, எங்கள் எண்ணை உங்கள் போனில் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாவிட்டால் செய்தி வந்து சேராது.
>
> நீங்கள் கேட்கவில்லை என்றால் எதுவும் செய்ய வேண்டாம். ஏழு நாளில் உங்கள் எண்ணை அழித்துவிடுவோம். நினைவூட்டல் அனுப்ப மாட்டோம்.

பதிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாட்சப் பிராட்காஸ்ட், நம் எண்ணைத் தன் தொடர்புகளில் வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும். அவர் நம் எண்ணை அழித்துவிட்டால் செய்தி தானாக நின்றுவிடும். அதுவும் விலகல்தான். “செய்தி வரலையா?” என்று கேட்டு அவரைத் துரத்த வேண்டாம்.

சேர்ந்தவருக்கு

> சேர்த்துவிட்டோம், நன்றி. நாளைக் காலை 9.30க்கு முதல் மெனு வரும்.
>
> உங்கள் எண் மற்ற வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. நீங்கள் எழுதும் பதில் எங்களுக்கு மட்டும் வரும்.
> தினமும் வேண்டாம், திங்கள் மட்டும் போதும் என்றால்: குறை அல்லது KURAI
> எல்லாம் நிற்க வேண்டும் என்றால்: 0
>
> செய்தி வழியாக வங்கி விவரமோ ஓடிபியோ கேட்க மாட்டோம். எங்கள் பெயரில் அப்படி வந்தால் பதில் போடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 997ஐ அழையுங்கள்.

நிறுத்துவதற்கு 0 வைத்ததற்குக் காரணம், பலர் போனில் தமிழ் விசைப்பலகை கிடையாது. எண் எல்லாரிடமும் உண்டு. “1 அனுப்பினால் மெனு நிற்கும், 2 அனுப்பினால் பண்டிகை நிற்கும்” என்று பிரிக்கலாமே என்று தோன்றும். கூடாது. மெனு செய்திக்குப் பதில் “2” என்று வந்தால் இரண்டு பொட்டலம் என்று அர்த்தம். பூஜ்யம் பொட்டலம் யாரும் ஆர்டர் செய்வதில்லை.

தினசரி மெனு, ஒரு முழு மாதிரி

> இன்று புதன்: சாம்பார், வத்தக்குழம்பு, பீன்ஸ் பொரியல், வாழைக்காய் வறுவல், ரசம், மோர், பாயசம்.
> இலைச் சாப்பாடு 12 ரிங்கிட், பொட்டலம் 10 ரிங்கிட். பொட்டலம் வேண்டுவோர் 11க்குள் எண்ணிக்கை அனுப்புங்கள்.
> திங்கள் மட்டும் போதுமா? குறை. நிறுத்த: 0

கடைசி வரி ஒவ்வொரு நாளும் இருக்க வேண்டும். செய்தி நீண்டால் வாட்சப் அதை மடித்து ‘மேலும் படிக்க’ என்று காட்டும். நிறுத்தும் வரி அதற்குள் மறைந்துபோகும். பிறந்தநாள் வாழ்த்து, ஃபார்வர்ட், பொன்மொழி எதுவும் வேண்டாம்.

0 வந்தால்

> நிறுத்திவிட்டோம். இனி மெனுவோ பண்டிகைச் செய்தியோ வராது. நீங்கள் ஆர்டர் கொடுத்தால் அந்த ஆர்டரைப் பற்றி மட்டும் எழுதுவோம். பண்டிகை ஆர்டர் மட்டும் வேண்டுமென்றால் பண்டிகை என்று அனுப்பலாம். இல்லையென்றால் பதில் தேவையில்லை.

“ஏன் போறீங்க?” என்ற கேள்வி வேண்டாம். சலுகை காட்டி இழுக்கவும் வேண்டாம். 0 மட்டும்தான் செல்லும் என்று பிடிவாதம் பிடிக்கவும் கூடாது: STOP, BERHENTI, நிறுத்து, வேணாம், vendam, “அனுப்பாதீங்க” எல்லாம் ஒன்றே. “ஐயோ தினமும் வருதே” என்று வந்தால் குறை என்று எடுத்துக்கொண்டு ‘வாரம்’ பட்டியலுக்கு மாற்றி, மாற்றியதைச் சொல்லவும்:

> திங்கள் மட்டும் அனுப்பும்படி மாற்றிவிட்டோம். அதுவும் வேண்டாம் என்றால் 0.

நீக்குவது அன்றே, அடுத்த 9.30க்கு முன். ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் அடங்குவர். ‘மெனு’ அதைத் தாண்டியதால் இரண்டு துண்டாக இருக்கிறது. ஒன்றில் நீக்கி மற்றதில் விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அதனால் எண்ணை இரண்டிலும் தேடவும், பிறகு ‘வாரம்’, ‘பண்டிகை’ பட்டியல்களிலும். நீக்கிய எண்ணை நீல நோட்டில் தேதியோடு எழுதவும். போன் மாற்றி பழைய பேக்கப்பிலிருந்து மீட்டால், பேக்கப் எடுத்த பிறகு நீக்கியவர்கள் திரும்ப உள்ளே வந்துவிடலாம். அப்போது நோட்டைப் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும்.

விளம்பரத்துக்குத் தன் விவரத்தைப் பயன்படுத்தாதே என்று எழுத்துமூலம் கேட்கும் உரிமையை அதே சட்டத்தின் பிரிவு 43 ஒருவருக்குத் தருகிறது. 0 என்று வந்த செய்தியை அந்தக் கோரிக்கையாகவே நடத்தவும், கடிதம் கேட்க வேண்டாம்.

நிறுத்திய பிறகும் போய்விட்டால்

> மன்னிக்கவும். செவ்வாய் அன்று நிறுத்தச் சொன்னீர்கள், இன்று காலையும் மெனு வந்துவிட்டது. உங்கள் எண் இரண்டாவது பட்டியலிலும் இருந்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டோம். இப்போது எல்லாப் பட்டியலிலும் நீக்கிவிட்டோம். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

“யாரைக் கேட்டு அனுப்புறீங்க?” என்று கேட்பவருக்கு

> கேட்டது சரிதான். இந்த எண் மார்ச் 4 அன்று கவுண்டர் தாளில் எழுதப்பட்டது. அன்று மாலை மெனு என்று பதிலும் வந்திருக்கிறது. தாளின் படம் வேண்டுமென்றால் அனுப்புகிறோம். இப்போதே நிறுத்திவிட்டோம்.

தேதியைத் தாளைப் பார்த்து எழுதவும். படம் அனுப்பும்போது அதே தாளில் உள்ள மற்றவர் பெயரும் எண்ணும் தெரியாதபடி மறைக்கவும். தாளே கிடைக்கவில்லை என்றால்: “உங்கள் சம்மதத்துக்கான பதிவு எங்களிடம் இல்லை. அது எங்கள் தவறு. எண்ணை அழித்துவிட்டோம்.” வாதாட ஒன்றும் இல்லை.

பழைய கேட்டரிங் எண்களுக்கு, ஒரே ஒரு முறை

> வணக்கம், துன் சம்பந்தன் சாலை சைவ மெஸ். முன்பு நீங்கள் கொடுத்த கேட்டரிங் ஆர்டரால் உங்கள் எண் எங்களிடம் இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை. தீபாவளிப் பலகார ஆர்டர் திறக்கும்போது தெரிய வேண்டுமென்றால் பண்டிகை அல்லது PANDIGAI என்று அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் இதுவே கடைசிச் செய்தி.

இதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, நாளுக்கு 20 பேருக்கு மேல் போகாமல் அனுப்பவும். நம் எண்ணைப் பதிவு செய்யாதவரின் திரையில் பிளாக், புகார் பொத்தான்கள் செய்தியோடு சேர்ந்தே தெரியும். ஒரே நாளில் பலர் புகார் அழுத்தினால் கடை எண்ணையே வாட்சப் முடக்கலாம். நேரம் மிச்சமாகுமே என்று குரூப் உருவாக்கி எல்லாரையும் போட்டுவிடக் கூடாது. எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிடும், அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

வருடத்துக்கு ஒரு முறை, பொங்கல் முடிந்த வாரம்

> உங்களுக்கு மெனு அனுப்பத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. தொடரலாமா? தொடர: மெனு. திங்கள் மட்டும்: குறை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் நாங்களே எடுத்துவிடுவோம். பிறகு எப்போது வேண்டுமானாலும் மெனு என்று அனுப்பிச் சேரலாம்.

பட்டியல் சுருங்கும், சுருங்கட்டும். எடுத்தவர் பிறகு மெனு என்று அனுப்பினால் புதுத் தாள் தேவையில்லை. வந்த செய்தியே சம்மதம். தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, நீல நோட்டில் அவர் எண்ணை ஒரு கோடிட்டு அடிக்கவும்.