பள்ளிப் பார்வை அறிக்கை: களக்காடு வட்டாரம், எண்ணும் எழுத்தும் வகுப்புகள்

பார்வையிட்டவை: ஒரே குறுவளமையத்தின் மூன்று ஈராசிரியர் தொடக்கப் பள்ளிகள்.

கால்வாய்க்கரைப் பள்ளியில் அரும்பு, மொட்டு, மலர் குழுக்கள் ஒழுங்காக அமர்கின்றன. ஆனால் மூன்றாம் வகுப்பில் அரும்பு நிலையிலுள்ள 5 பேரில் 4 பேர் பாடலை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் திணறல்தான். "பாட்டு வருது சார், எழுத்து வரல" என்றார் தலைமை ஆசிரியர். தினமும் 10 நிமிடம் சொல்லட்டை வாசிப்பு என்று பேசி முடிவு செய்து, மாதிரி வகுப்பும் எடுத்துக் காட்டினேன்.

வாழைத்தோட்டத்தை ஒட்டிய பள்ளியில் ஓர் ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தார். ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பயிற்சி நாள்களுக்கு மாற்று ஆசிரியர் தேவை என வட்டாரக் கல்வி அலுவலருக்குப் பரிந்துரைக்கிறேன்.

மூன்றாவது பள்ளியில் காலை உணவு சரி. கணிதப் பெட்டி மட்டும் பூட்டியே கிடந்தது. திறந்து மணிச்சட்டம் பிள்ளைகளிடம் கொடுக்கப்பட்டது.