மீளாய்வு அறிக்கை: வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று, சின்ன வெங்காயச் செய்கையின் பங்கு

பதிப்பாசிரியருக்கும் கட்டுரையாளர்களுக்கும் வணக்கம். இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் நல்ல கட்டுரை என்று நினைத்தேன், இரண்டாம் தரம் பின்னிணைப்பில் ஒரு படத்தைப் பார்த்தபிறகு அவ்வளவு உறுதியாக இல்லை.

சுருக்கம்

கோப்பாய், உரும்பிராய், இணுவில், ஏழாலை ஆகிய நான்கு இடங்களில் 36 கிணறுகளில் டிசம்பர் மாதத்தில் ஒருமுறை தண்ணீர் எடுத்து நைத்திரேற்று அளந்திருக்கிறார்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடம் கடந்த ஐந்து வருட யூரியாப் பாவனையையும் கேட்டிருக்கிறார்கள். லீற்றருக்கு மில்லிகிராமில் சராசரி 13.6, உச்சம் 31.2, எல்லாம் 50 என்ற எல்லைக்குள், ஆகவே குடிக்க ஏற்றது, ஆனால் வெங்காயச் செய்கைதான் மாசுக்குக் காரணம் என்பது முடிவு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் எல்லாம், அதனால் இந்த வேலை தேவையானது. வீடுவீடாகப் போய்க் கிணற்றில் வாளி விட்டவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பெரிய சிக்கல்கள்

முதலில் அலகு. பின்னிணைப்பு 1இல் உள்ள கருவியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், திரையில் `NO3-N` என்று தெரிகிறது. அப்படியென்றால் அது நைத்திரேற்றில் உள்ள நைதரசன் மட்டும், முழு நைத்திரேற்று அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 50 மில்லிகிராம்/லீற்றர் என்பது முழு நைத்திரேற்றுக்கானது, நைதரசனாகச் சொன்னால் ஏறத்தாழ 11.3. அட்டவணை 2இன் எண்களை 4.43ஆல் பெருக்கினால் சராசரி 60ஐத் தாண்டும், உச்சம் 138க்குப் போகும், 36 கிணறுகளில் 22 எல்லையை மீறிவிடும். பச்சைக் குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தண்ணீரை "ஏற்றது" என்று எழுதியிருக்கிறீர்கள், உடல் நீலம் பாயும் ஆபத்து அந்தக் குழந்தைகளுக்குத்தான். கருவி எந்த அலகில் காட்டியது, நீங்கள் மாற்றினீர்களா என்பதை மூலப் பதிவோடு காட்டுங்கள். நான் படத்தைப் பிழையாக வாசித்திருந்தால் மகிழ்ச்சிதான், நானும் வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறவன்.

அடுத்தது காரணம். இணைபுக் குணகம் 0.41, அதாவது மாறுபாட்டில் ஏறத்தாழ 17 வீதத்தைத்தான் யூரியா விளக்குகிறது. மிச்சம் எங்கே? கட்டுரை முழுக்கத் தேடினேன், மலசலகூடக் குழி என்ற சொல்லே இல்லை. நெருக்கமான வளவுகளில் குழியும் கிணறும் எவ்வளவு கிட்ட இருக்கும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு கிணற்றுக்கும் குழி எத்தனை மீற்றர் தூரம் என்று அளந்து பகுப்பாய்வில் சேர்த்துவிடுங்கள், கூடவே ஈ. கோலை பரிசோதனையும். நைதரசன் எங்கிருந்து வந்தது என்று காட்டும் சமதானிப் பரிசோதனைக்குக் காசு இல்லை என்றால் புரிகிறது, ஆனால் குளோரைட்டை மட்டும் வைத்துக் கழிவுநீர் என்று சொல்ல வெளிக்கிட வேண்டாம், கடல் கிட்ட என்பதால் உப்பும் அதே எண்ணைக் கூட்டும். சுண்ணக்கல்லில் தண்ணீர் வெடிப்புகள் வழியாக ஓடும், ஆகவே பக்கத்துத் தோட்டம்தான் மூலம் என்பதும் தானாக உண்மையாகாது.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டதை ஏன் பேசவே இல்லை? உங்கள் ஐந்து வருடத்துக்குள் அந்த வருடமும் வருகிறது. அப்போது யூரியா கிடைக்காமல் அலைந்தவரின் "சராசரி" பாவனை எதைக் காட்டும்? வருடவாரியாகப் பிரியுங்கள்.

மாதிரி எடுத்தது மாரி நடுவில். மழை நைத்திரேற்றைக் கழுவி உள்ளே இறக்கும், கரைத்துக் குறைக்கவும் செய்யும், எது நடந்தது என்று ஒரே ஒரு அளவால் சொல்ல முடியாது. ஆகஸ்டில் அதே கிணறுகளில் இன்னொரு தரம் எடுங்கள். போத்தல்கள் நான்கு நாள் கழித்து ஆய்வுகூடம் போயின என்று ஒரு வரியில் இருக்கிறது, குளிரூட்டினீர்களா என்று இல்லை. வழக்கமாக 4 பாகை செல்சியஸில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் அளப்பார்கள்.

சின்ன விடயங்கள்

படம் 3இல் கிணறுகள் 35, அட்டவணையில் 36, ஏழாலையில் ஒன்று காணாமல் போயிருக்கிறது. வரைபடத்தில் அளவுத்திட்டம் இல்லை. குழாய்க் கிணற்றையும் கட்டிய கிணற்றையும் ஒன்றாகக் கலந்திருக்கிறீர்கள், ஆழம் கட்டாயம் வேண்டும். வீட்டுக்காரரின் முழுப் பெயர்கள் பின்னிணைப்பு 2இல் கிடக்கின்றன, உடனே எடுத்துவிடுங்கள். அறிமுகம் நீளம், பாதியாக்கலாம்.

பரிந்துரை

பெரிய திருத்தத்துக்குப் பின் மீண்டும் பார்க்கலாம். இந்த வடிவில் வெளியிட வேண்டாம். கோடை மாதிரி எடுக்க நேரம் தேவை என்பதால் ஆறு மாத அவகாசம் கொடுங்கள் என்று பதிப்பாசிரியரைக் கேட்கிறேன். அது முடியாமல் போனால் தலைப்பிலிருந்தும் முடிவிலிருந்தும் "காரணம்" என்பதை எடுத்துவிட்டு, அளந்த எண்களை மட்டும் சரியான அலகில் தந்தால் சிறு குறிப்பாகவேனும் ஏற்கலாம். அலகு விடயத்தை மட்டும் ஆறு மாதம் வைத்திருக்க வேண்டாம். அந்த 22 வீட்டுக்காரருக்கு "தண்ணீர் நல்லது" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தால், மூலப் பதிவைப் பார்த்து இந்தக் கிழமையே திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்.

திருத்திய பிரதியை நானே பார்க்கத் தயார்.

மீளாய்வாளர் 2