மடியிலிருந்து இறக்காத பை

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே, போன ஞாயிறு கடைசி பெஞ்சில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்ததை உங்களில் சிலர் கவனித்திருப்பீர்கள். போருக்குத் தப்பி வந்து, நம் ஆலயத்துக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியேறியிருக்கிறார்கள். ஆராதனை முழுவதும் அந்தத் தாய் தன் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டார்கள். நான் வாசலில் நின்று, வழக்கமாகக் கைகொடுப்பவர்களுக்கே கைகொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பை இந்த வாரம் முழுவதும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

2024 முடிவில் உலகம் முழுவதும் 12 கோடிக்கும் அதிகமானோர் வீடுவாசலை விட்டுத் துரத்தப்பட்டிருந்தார்கள் என்று ஐ.நா. அகதிகள் முகமை சொல்கிறது. அத்தனை பேருக்கும் நம்மால் கதவு திறக்க முடியாது. கடைசி பெஞ்சுக்கு நடந்துபோக முடியும்.

"அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள்" என்கிறது எபிரெயர் 13:2. அங்கே உபசரிப்புக்கு வரும் கிரேக்கச் சொல் பிலோக்செனியா. அந்நியர்மேல் வைக்கும் அன்பு என்று அதற்குப் பொருள். சொந்தக்காரருக்கு விருந்து வைப்பதும் நல்லதுதான். ஆனால் இந்தச் சொல் கேட்பது அதை அல்ல.

ஆதியாகமம் 18-ல் ஆபிரகாமைப் பாருங்கள். வெயில் ஏறின வேளை. மூன்று பேரைக் கண்டதும் எதிர்கொண்டு ஓடுகிறார். யார், எந்த ஊர், எதற்கு வந்தீர்கள் என்று ஒரு கேள்வியும் இல்லை. முதலில் கால் கழுவத் தண்ணீர், பிறகு மர நிழல், அதற்குப் பிறகு அப்பம். இந்த வரிசையை நாம் அப்படியே கற்றுக்கொள்ள வேண்டும். தப்பி வந்தவர்கள் எத்தனையோ அலுவலகங்களில் தங்கள் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி நொந்துபோயிருக்கிறார்கள். "அங்கே என்ன நடந்தது?" என்று நாம் கேட்க வேண்டாம். பெயரைக் கேளுங்கள், சரியாக உச்சரிக்கப் பழகுங்கள். மற்றதை அவர்களாகச் சொல்லும் நாளில் காதுகொடுத்தால் போதும்.

அடுத்து, போவாசின் வயல். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ரூத் மோவாபிய பெண். கதிர் பொறுக்க வந்தவள். சாப்பாட்டு வேளையில் போவாஸ் அவளைத் தன் வேலையாட்களோடு உட்காரவைத்து, வறுத்த கோதுமையைக் கொடுக்கிறார். அவள் எழுந்துபோன பிறகு வேலைக்காரரிடம், அரிகளில் சிலதை அவளுக்காகச் சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்கிறார். அவள் காதுபடச் சொல்லவில்லை, கவனியுங்கள். தன் உழைப்பால் கிடைத்தது என்ற நிமிர்வோடு அவள் வீட்டுக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டார். நாம் கொடுக்கும்போது படம் எடுக்க வேண்டாம், மேடையில் அறிவிக்கவும் வேண்டாம். பழைய துணி மூட்டையைவிட ஒரு வேலைக்கு வழி காட்டுவது மேல். உங்களில் வேலை கொடுக்கும் நிலையில் இருப்பவர்கள் முழுக் கூலி கொடுங்கள். அந்நியன் என்பதற்காகக் குறைத்தால், உபாகமம் 24:14 உங்களைத்தான் கேட்கிறது.

சூனேம் ஊர்ப் பெண் எலிசாவுக்கு ஓர் அறை கட்டினாள். அதில் கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு. நாலே பொருள்தான், ஆனால் ஒரு மனிதன் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக இருக்க அது போதும். ஆலயத்துக்குப் பின்னால் நாம் சாமான் போட்டு வைத்திருக்கும் அறையை இந்த மாதமே காலி செய்ய சபைக் கமிட்டி சம்மதித்திருக்கிறது. அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கட்டும். மொழி கற்றுக்கொடுக்க நம் வாலிபர் இருவர் முன்வந்திருக்கிறார்கள்.

பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னவர்களும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் நம் ஆண்டவரே பாலகனாக இருந்தபோது, ஏரோதுக்குத் தப்பி இராத்திரியோடு இராத்திரியாக எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டவர். அங்கே அவர்களுக்கு யார் கதவைத் திறந்தார்கள் என்று வேதம் சொல்லவில்லை. யாரோ திறந்திருக்கிறார்கள். "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்று பிற்பாடு அவர் சொன்னபோது, அந்த வீடும் அவர் நினைவில் இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

வாசலருகே மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் துணை போகிறவர்கள், பள்ளியில் சேர்க்க உதவுகிறவர்கள், மாதம் ஒரு வேளை உணவுக்கு அழைக்கிறவர்கள் பெயர் எழுதுங்கள். முடிந்ததை மட்டும் எழுதுங்கள், எழுதியதைச் செய்யுங்கள். அடுத்த ஞாயிறு நான் பிரசங்க பீடத்திலிருந்து இறங்கியதும் கடைசி பெஞ்சுக்கு வருவேன். எனக்கு முன்னே உங்களில் யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால் சந்தோஷப்படுவேன்.

ஜெபிப்போம். ஆண்டவரே, அந்தத் தாய் எங்கள் நடுவில் தன் பையை இறக்கி வைக்கும் நாளை எங்களுக்குக் காணத் தாரும். ஆமென்.