கடையெழு வள்ளல்கள்: ஏழு பேரும் ஒரே தேரில்

வணக்கம். கடையெழு வள்ளல்கள் யார் யார் என்று கேட்டால் பாரியும் அதியமானும் உடனே வந்துவிடுவார்கள். கொஞ்சம் யோசித்தால் பேகன் வருவான். மீதி நான்கு பேரிடம்தான் பத்தாம் வகுப்பு மாணவரும் தடுமாறுகிறார், குரூப் 4 எழுதுபவரும் தடுமாறுகிறார். பெயர் நினைவிருந்தால் கொடுத்த பொருள் மறந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரே ஒரு படம் போதும்.

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் தைப்பூசத் தேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் உங்கள் ஊர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது நான் சொல்லும் இடத்தை மட்டும் பாருங்கள்.

தேரின் உச்சியைப் பாருங்கள். கலசம் இல்லை, ஒரு மயில் உட்கார்ந்திருக்கிறது. தை மாதப் பனியில் நடுங்குகிறது. அதன் மேல் கனமான போர்வை. மயிலுக்குப் போர்வை தந்தவன் பேகன். போர்வைக்கும் 'ப', பேகனுக்கும் 'ப'.

பார்வையைச் சக்கரத்துக்கு இறக்குங்கள். தேர் நகரவில்லை. சக்கரம் முழுக்க முல்லைக்கொடி சுற்றியிருக்கிறது. கொடி படரத் தேரையே விட்டுப் போனவன் பாரி. படர்ந்தது முல்லை, பார்த்தவன் பாரி.

தேருக்கு முன்னால் ஒரு குதிரை. கன்னங்கரேல் என்று இருக்கிறது. பிடரி மயிர் மட்டும் வெள்ளை, கழுத்து மணி ஒலிக்கிறது. கருப்புக் குதிரை என்றாலே காரி. இரவலருக்குக் குதிரை கொடுத்தவன். நம் மாவட்டத்துக் காரிமங்கலத்தில் அந்தக் குதிரை நிற்பதாகக்கூட நினைத்துக்கொள்ளலாம். ஊர்ப்பெயருக்கும் வள்ளலுக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை; நினைவுக்கு ஒரு கொக்கி, அவ்வளவுதான்.

இப்போது தேருக்குள்ளே பாருங்கள். ஆலமரத்தடியில் அமர்ந்த சிவபெருமான். அவர் மேல் பளபளக்கும் நீல ஆடை. நாகம் தந்த அந்த ஆடையை இறைவனுக்குச் சாத்தியவன் ஆய். ஆலமரம், ஆடை, ஆய்: மூன்றும் 'ஆ'.

தேரடியில் ஒரு மூதாட்டி கை நீட்டி நிற்கிறார். அந்தக் கையில் ஒரே ஒரு நெல்லிக்கனி. இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நம் தகடூர் அதியமான், ஔவைக்குக் கொடுத்தது. சேலம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதியமான்கோட்டையைத் தாண்டித்தானே போகிறோம்!

அடுத்தவன்தான் எல்லோரையும் ஏமாற்றுபவன். நெல்லியை அடுத்து நள்ளி. ஓசையே அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். இவன் கொடுத்தது ஒரு பொருள் அல்ல. நண்பர்களுக்கு வாழ்க்கை நடத்தத் தேவையான எல்லாவற்றையும் குறைவில்லாமல் கொடுத்தான். அதனால் ஒற்றைப் பொருளைத் தேடாதீர்கள். தேர் வீதியில் அரிசி, உப்பு, பானை, துணி என்று ஒருவன் அள்ளி அள்ளிக் கொடுக்கிறான். அள்ளிக் கொடுப்பவன் நள்ளி. மாரண்டஅள்ளி, மிட்டாரெட்டிஅள்ளி என்று நாள்தோறும் சொல்கிற வாய்க்கு இது மறக்கவே மறக்காது.

கடைசியில், வீதி ஓரத்தில் கூத்தர்கள் ஆடுகிறார்கள். அவர்களுக்கு நாட்டையே கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கிறான் ஒருவன். ஓரத்தில் நிற்பவன் ஓரி.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். காரியின் குதிரைக்கும் காரி என்றுதான் பெயர், ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றுதான் பெயர். இருவரும் போரிட்டவர்கள். அந்தப் போரில் ஓரி இறந்தான். குதிரை என்றதும் ஓரியை எழுதிவிட்டு மதிப்பெண்ணை இழப்பவர்கள் உண்டு. நம் படத்தில் காரி தேருக்கு முன்னால், ஓரி வீதியின் கடைசியில். பகைவர்களைப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், குழப்பம் வராது.

உச்சியிலிருந்து ஒருமுறை என்னோடு சொல்லுங்கள்: போர்வை, பேகன். முல்லை, பாரி. குதிரை, காரி. நீல ஆடை, ஆய். நெல்லி, அதியமான். அள்ளி, நள்ளி. ஓரம், ஓரி. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் பாடிய வரிசையும் இதுவேதான். ஆகவே 'நான்காவது வள்ளல் யார்' என்று கேட்டாலும் தேருக்குள்ளே எட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஊர்களையும் கேட்பார்கள். பாரிக்குப் பறம்பு மலை, ஆய்க்குப் பொதிகை, ஓரிக்குக் கொல்லிமலை. இந்த மூன்றையும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்று இரவு படுக்கும் முன் நோட்டில் அந்தத் தேரை வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. மயில் கோழி மாதிரி வந்தாலும் சரி. பெயர் எதையும் எழுதாதீர்கள். காலையில் எழுந்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெயரை எழுதிப் பாருங்கள். எந்தப் பெயர் வரவில்லையோ, அந்தப் பொருளை மட்டும் இன்னும் பெரிதாக, வண்ணம் போட்டு மறுபடி வரையுங்கள்.