விற்பதற்கு முன்னால் பத்து நிமிடம்

அக்கா, முதலில் அந்த போனை மேஜைமேல் கவிழ்த்து வையுங்கள். பத்து நிமிடம் பேசுவோம், அப்புறமும் உங்கள் பங்கு ஃபண்ட் யூனிட் எல்லாவற்றையும் விற்கத்தான் வேண்டும் என்றால் நானே பக்கத்தில் உட்கார்ந்து விற்றுத் தருகிறேன். உங்கள் பணம், உங்கள் முடிவு.

ராத்திரி தூங்கவில்லை என்று முகத்திலேயே தெரிகிறது. ஐந்து வாரத்தில் நூற்றுக்கு முப்பது போனால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது?

இந்த அறிக்கையைப் பாருங்கள். ஜனவரியில் உங்களிடம் இருந்த 4,120 யூனிட்டில் ஒன்றுகூட இன்றுவரை குறையவில்லை. குறைந்திருப்பது இன்றைக்கு ஒருவர் அதற்குக் கொடுக்கத் தயாராக இருக்கும் விலை. விற்றால்தான் யூனிட்டும் கையை விட்டுப் போகும், அதோடு திரும்ப எப்போது உள்ளே வருவது என்ற இரண்டாவது கேள்வியும் தலைமேல் வந்து உட்காரும், அதுதான் ரொம்பக் கஷ்டம்.

2020இல் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு பிப்ரவரி 19 முதல் மார்ச் 23 வரை ஏறக்குறைய 34 சதவீதம் விழுந்தது. அதுதான் அடிமட்டம் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது, செய்தியெல்லாம் இன்னும் மோசமாகிக்கொண்டுதான் இருந்தது. மறுநாளே 9 சதவீதத்துக்கு மேல் ஏறியது, ஆகஸ்டில் பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டது. நிலைமை தெளிந்ததும் திரும்ப வாங்கலாம் என்று ஒதுங்கியவர்களுக்கு, தெளிந்தபோது விலையும் ஏறியிருந்தது.

எப்போதும் இப்படிச் சீக்கிரம் மீளும் என்று நான் சொல்லமாட்டேன். 2007 அக்டோபரில் தொடங்கிய சரிவில் அதே குறியீடு பாதிக்கு மேல் இழந்து, பழைய உச்சத்துக்கு வர 2013 ஆனது. ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு 1989 உச்சத்தைத் தாண்டியது 2024இல்தான். அதனால்தான் ஒரே நாட்டில் கொட்டாமல் உலகக் குறியீட்டு ஃபண்ட் எடுத்தோம். கடன் வாங்கியும் நீங்கள் போடவில்லை, ஆகவே யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தி விற்க வைக்க முடியாது.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் பயம் சரி. பெண்ணின் கல்லூரிக் கட்டணம் எட்டு மாதத்தில் கட்ட வேண்டும், அந்தப் பணம் பங்கில் இருந்திருக்கவே கூடாது, போன வருடமே நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். அதை மட்டும், நஷ்டமானாலும், இன்றே எடுத்து வைப்புநிதியில் போட்டுவிடுவோம். மீதி உங்கள் ஓய்வுக்காலத்துக்கு, அதற்கு இன்னும் பதினாறு வருடம் இருக்கிறது. அதைத் தொட வேண்டாம், மாதத் தவணையும் நிற்க வேண்டாம், இந்த விலையில் அதே தொகைக்குக் கூடுதல் யூனிட் கிடைக்கும்.

சரி, இப்போது போனை எடுங்கள். கட்டணத்துக்கான தொகையை மட்டும் அடியுங்கள், 'அனைத்தும்' என்ற கட்டத்தில் டிக் இல்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.