பெரும்பான்மை உறுப்பைத் தேடும் வழிமுறை: பத்தியிலிருந்து படிகளுக்கு

வடிவமைப்பு ஆவணத்துக்கு நீங்கள் அனுப்பிய பத்தி இது:

"பட்டியலில் பாதிக்கு மேல் வரும் எண்ணைக் கண்டுபிடிக்க, முதல் எண்ணை வேட்பாளராக வைத்துக்கொண்டு நகர்வோம். அதே எண் வந்தால் எண்ணிக்கையைக் கூட்டுவோம், வேறு எண் வந்தால் குறைப்போம். எண்ணிக்கை பூஜ்யமானால் புது எண்ணை வேட்பாளராக்குவோம். கடைசியில் மிஞ்சும் வேட்பாளர்தான் விடை."

பாயரும் மூரும் 1981-இல் தந்த பெரும்பான்மை வாக்கு வழிமுறை இது. கருத்து சரியாகவே இருக்கிறது. ஆனால் இதை மட்டும் வைத்து இருவர் தனித்தனியாக நிரல் எழுதினால் இரண்டும் ஒரே விடையைத் தரும் என்று சொல்ல முடியாது. அதனால் படிகளாகப் பிரித்தேன்.

உள்ளீடு: A என்ற பட்டியல், n உறுப்புகள், n ≥ 0. இரண்டு உறுப்புகள் சமமா இல்லையா என்று பார்க்க முடிந்தால் போதும். எது பெரிது என்று தெரிய வேண்டியதில்லை. பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டிருக்கவும் வேண்டாம். A எங்கும் மாற்றப்படாது.

வெளியீடு: n/2-ஐ விட அதிக முறை வரும் உறுப்பு. அப்படி ஒன்று இல்லையென்றால் "இல்லை".

உள் மாறிகள்: c (வேட்பாளர்), k (கையிருப்பு), m (உண்மையான எண்ணிக்கை).

படி 1 [தொடக்கம்]. k ← 0. c-க்கு இன்னும் மதிப்பு இல்லை. n = 0 என்றால் "இல்லை" என்று தந்து நிறுத்துக.

படி 2 [முதல் சுற்று]. A-இன் ஒவ்வொரு உறுப்பு x-க்கும், இடமிருந்து வலமாக, கீழே உள்ளவற்றில் முதலில் பொருந்தும் ஒன்றை மட்டும் செய்க:
- 2அ [புது வேட்பாளர்]. k = 0 எனில் c ← x, k ← 1.
- 2ஆ [ஆதரவு]. x = c எனில் k ← k + 1.
- 2இ [எதிர்ப்பு]. மற்றபடி k ← k − 1.

படி 3 [சரிபார்ப்பு]. m ← 0. A-ஐ மறுபடி முதலிலிருந்து பார்த்து, x = c ஆகும் ஒவ்வொரு முறையும் m ← m + 1.

படி 4 [முடிவு]. 2m > n எனில் c-ஐத் தருக. இல்லையெனில் "இல்லை".

பத்தியில் இல்லாததை மூன்று இடங்களில் சேர்த்திருக்கிறேன்.

முக்கியமானது படி 3. உங்கள் பத்தியின் கடைசி வரி இதைத் தாண்டிப் போய்விடுகிறது. படி 2 செய்வதெல்லாம், ஒன்றுக்கொன்று வேறான உறுப்புகளை இரண்டிரண்டாக அடித்துவிடுவதுதான். பெரும்பான்மை உறுப்பு ஒன்று இருந்தால் அது இந்த அடிதடியில் தப்பி நிற்கும். அதை முழுவதுமாக அடிக்க மற்றவை போதாது. ஆனால் தப்பி நிற்பதெல்லாம் பெரும்பான்மை என்று தலைகீழாகச் சொல்ல முடியாது. [3, 5, 7] என்று கொடுத்துப் பாருங்கள்: 3-ம் 5-ம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, 7 வேட்பாளராக மிஞ்சுகிறது. பத்தியின்படி விடை 7. ஆனால் அது ஒரே ஒரு முறைதான் வருகிறது. படி 3-இல் m = 1, 2m = 2, இது 3-ஐ விடச் சிறியது, எனவே "இல்லை".

அடுத்தது 2அ. வேட்பாளர் மாறும்போது எண்ணிக்கை என்ன ஆகும் என்று பத்தி சொல்லவில்லை. ஒருவர் c-ஐ மட்டும் மாற்றிவிட்டு k-ஐ 0-ஆகவே விட்டால், ஒவ்வொரு உறுப்பும் வேட்பாளராகி, கடைசி உறுப்புதான் நிற்கும். [3, 3, 5]-க்கு 5 மிஞ்சும், பிறகு சரிபார்ப்பில் அது தோற்று "இல்லை" என்று வரும். ஆனால் சரியான விடை 3.

காலிப் பட்டியல் மூன்றாவது. அதற்கு விளக்கம் தேவையில்லை.

சரி, [5, 3, 3, 7, 3] என்ற பட்டியலில் ஓட்டிப் பார்ப்போம். ஒவ்வொரு உறுப்புக்கும் பிறகு c, k:

```
x   படி   c   k
5   2அ    5   1
3   2இ    5   0
3   2அ    3   1
7   2இ    3   0
3   2அ    3   1
```

படி 3-இல் m = 3. 2 × 3 = 6 > 5, எனவே வெளியீடு 3. முடிவில் k = 1 என்றிருப்பதைக் கவனியுங்கள். அது 3 எத்தனை முறை வந்தது என்பதன் எண்ணிக்கை அல்ல. k-ஐ "எண்ணிக்கை" என்று எழுதியதால்தான் பத்தியில் இந்தக் குழப்பம் வருகிறது. "கையிருப்பு" என்று மாற்றியதற்குக் காரணம் இதுவே.

பட்டியலை இரண்டு முறைதான் பார்க்கிறோம், n எவ்வளவு பெரிதானாலும் கூடுதல் இடம் மூன்று மாறிகள் மட்டும். ஒரு நிபந்தனை: இரண்டாவது முறை படிக்க A அப்படியே கிடைக்க வேண்டும். வந்தவுடன் மறைந்துபோகும் ஓடையாகத் தரவு வந்தால் படி 3-ஐச் செய்ய முடியாது. நம்முடைய தரவு கோப்பில் இருப்பதால் தடையில்லை. ஆனால் உள்ளீட்டு வரியில் "இரண்டு முறை படிக்கக்கூடியது" என்று சேர்த்துவிடுங்கள்.