சித்தப்பாவுக்கு, அப்பாவின் மூணு கட்டை லைட்

சேரன்மகாதேவி,
ஐப்பசி மாதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கோமதி எழுதுகிறேன். தம்பி கொண்டுவரும் மஞ்சள் பைக்குள் அப்பாவின் மூணு கட்டை டார்ச் லைட் இருக்கிறது. அது உங்களுக்கு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீங்கள் கிளம்பியபோது, "அவுக ஞாபகமா ஏதாவது எடுத்துக்கிடுங்க" என்று அம்மா சொன்னாள். "எனக்கு எதுக்கு மயினி, பிள்ளையளுக்கு இருக்கட்டும்" என்று செருப்பை மாட்டிவிட்டீர்கள். அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், மேற்கொண்டு யாரும் வற்புறுத்தவில்லை. இப்போது வற்புறுத்தத்தான் எழுதுகிறேன். திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

அப்பா எதையும் சொல்லிவிட்டுப் போகவில்லை. இது நாங்களாக எடுத்த முடிவு. கைக்கடிகாரத்தைத் தம்பி கட்டிக்கொண்டான். கண்ணாடியை அம்மா தன் துணிகளோடு பீரோவில் வைத்துக்கொண்டாள். வேட்டி, துண்டெல்லாம் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்தாயிற்று. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய லைட்டை மட்டும் யார் எடுத்தாலும் திரும்ப அங்கேயே மாட்டிவிட்டார்கள். கடைசியில் அம்மாதான், "அது நம்ம யாருக்கும் சேராது, அது வயக்காட்டுச் சாமான்" என்றாள். உங்கள் பெயரை அவள் சொல்லவே இல்லை. எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அந்த லைட்டின் கதை எங்களைவிட உங்களுக்குத்தான் கூடுதலாகத் தெரியும். ஆனித் திருவிழாவுக்குப் போனபோது நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது என்று அப்பா சொல்வார். தேர் பார்க்கப் போனவர்கள் டார்ச் லைட்டோடு வந்து நின்றதில் ஆச்சிக்குக் கோபமாம். கார் நடுவை நேரம், ராத்திரித் தண்ணீருக்கு அரிக்கேன் விளக்கு காற்றில் நிற்காது என்று அப்பா சமாதானம் சொன்னாராம். ஆச்சி போன பிறகும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

நான் சிறு பிள்ளையாக இருந்தபோது பார்த்ததை எழுத வேண்டும். பாபநாசம் அணையில் தண்ணீர் இறங்கி, கன்னடியன் கால்வாயில் முறை வைத்து விடுகிற வருஷங்கள். நம் முறை ராத்திரியில்தான் வரும். அப்பா மம்பட்டியும் லைட்டுமாகக் கிளம்புவார். எங்கள் வயல் மேலே, உங்கள் வயல் கீழே. மேலே பாய்ந்து முடிந்ததும் மடையை உங்கள் பக்கம் திருப்பிவிட்டு, மூன்று தடவை லைட்டை அடிப்பார். கீழே வரப்பில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் ஒரு சத்தம் கொடுப்பீர்கள். ஒருநாள் அடம்பிடித்து அவரோடு போனேன். அந்தப் பக்கம் இருட்டில் ஆளே தெரியவில்லை, "சரிடே!" என்று குரல் மட்டும் வந்தது. வாய்க்காலில் தண்ணீர் உங்கள் பக்கமாகப் போகும் சலசலப்பும் கேட்டது. வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

தண்ணீர் தட்டுப்பாட்டு வருஷத்தில் மேல் வயல்காரனும் கீழ் வயல்காரனும் எப்படி இருப்பார்கள் என்று ஊருக்கே தெரியும். அண்ணன் தம்பிகளே மடையில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவால் அந்த மடையை விடியும்வரை அடைத்துவைத்திருக்க முடியும், கேட்பதற்கு ஆள் கிடையாது. எங்கள் பத்து மரக்கால் விதைப்பாடு நனைந்ததும் அந்த மூன்று வெளிச்சத்தை அவர் தராமல் இருந்ததே இல்லை. நீங்களும் அது வரும்வரை மேலே ஏறி வந்து பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் நான் பெருமையாக நினைக்கும் விஷயம் இதுதான். என் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

செல்போன் வந்த பிறகும் அப்பா விடவில்லையே. "போன் போட்டுச் சொல்லலாமேப்பா" என்றால், "அவன் சட்டையைக் கழட்டி வரப்புல வச்சிட்டு வயலுக்குள்ள நிப்பான், போன எங்க எடுக்க?" என்பார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் அது மட்டும் காரணம் இல்லை என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

1992 வெள்ளத்துக்குப் பிறகு வயலெல்லாம் மணல் மேடிட்டுக் கிடந்ததையும், எந்த வரப்பு யாருடையது என்று தெரியாமல் நீங்கள் இரண்டு பேரும் மடைக்கல்லைத் தேடியெடுத்து அதிலிருந்து அளந்துகொண்டு வந்ததையும் அப்பா நிறையத் தடவை சொல்லியிருக்கிறார். லைட்டின் அடிப்பக்கத்தில் இருக்கும் நெளிவு அந்தக் கல்லில் விழுந்ததுதானே? தம்பி வேறு ஏதோ சொல்கிறான். நீங்கள் சொன்னால்தான் தீரும்.

அப்புறம் அந்தக் கன்னடியன் கதை. கன்னட தேசத்துப் பிரம்மச்சாரி தனக்குக் கிடைத்த பொன்னைக் கொண்டு, பசு போன வழியே கால்வாய் வெட்டினான் என்று, தண்ணீருக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் அப்பா சொல்வாராம். பசு நின்ற இடமெல்லாம் மடை. நீங்கள், "அப்ப நம்ம மடைகிட்ட அது நிக்காம ஓடியிருக்கும்லா, அதான் தண்ணி வரல" என்பீர்களாம். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட இதைச் சொல்லிச் சிரித்தார். அந்த வாரம் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். உங்களிடம் இதைச் சொல்லவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

லைட்டைப் பற்றி இனிக் கொஞ்சம். பித்தளை உடம்பு, கை பட்டுத் தேய்ந்த பழைய சாமான், ஆனால் நன்றாக எரிகிறது. தம்பி பல்பு மாற்றியிருக்கிறான். உள்ளே ஸ்பிரிங்கில் பிடித்திருந்த பச்சைக் களிம்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டான். புதுக் கட்டைகள் மூன்றும் தனியாகப் பொட்டலத்தில் இருக்கின்றன, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அறுப்பு முடிந்து லைட்டுக்கு வேலையில்லாத நாட்களில் அப்பா கட்டையைக் கழற்றித் தனியாக வைத்துவிடுவார், உள்ளே கசிந்து பாழாகிவிடும் என்று. நீங்களும் அப்படியே செய்யுங்கள். தோளில் மாட்ட அவர் கட்டிய நாடாவை மட்டும் நாங்கள் மாற்றவில்லை. நைந்துபோய்த்தான் இருக்கிறது, அறுந்தால் வேறு கட்டிக்கொள்ளலாம்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதைச் சாமி படத்துக்குப் பக்கத்திலோ அலமாரியிலோ வைத்துவிடாதீர்கள். சித்தி அப்படித்தான் சொல்வாள், அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். ராத்திரி வயலுக்குப் போகும்போது கையில் எடுத்துப் போங்கள். வரப்பில் கட்டுவிரியன் கிடக்கிற காலம். உங்களுக்கும் முன்போலக் கண் தெரியவில்லை என்று சித்தி சொல்லி அழுதாள். தெரு விளக்கு வரைக்கும் நடப்பதற்காவது இது ஆகட்டும்.

வயலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குத்தகைக்கு விடுவதாக இல்லை. இந்தப் பிசானம் தம்பியே பார்க்கிறேன் என்கிறான். ஆபீசுக்குப் போய்வந்து எவ்வளவு முடியும் என்று அம்மாவுக்குப் பயம்தான், இருந்தாலும் அவன் ஆசைப்படுகிறான். அம்பை 16 விதை சொல்லி வைத்திருக்கிறோம். தொழி அடிக்க யாரைக் கூப்பிடலாம், நாற்றங்காலை எந்தப் பக்கம் விடலாம் என்பதெல்லாம் உங்களிடம்தான் கேட்க வேண்டும். அவனுக்கு மடை திருப்பத் தெரியாது. கொஞ்சம் சத்தம் போட்டுச் சொல்லிக்கொடுங்கள், கோபப்பட மாட்டான்.

இந்த வாரம் அவனுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலமே வேலை முடிந்துவிடும். நேராக வயலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
கோமதி